கேட்லினுக்கு என்ன நடந்தது?

என்னிடம் படித்த ஒரு பிள்ளை, இப்போது கட்டாரில் வேலை செய்பவர், போன கிழமை இரவு வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "சேர், ஹீரோஸ் ரெண்டாவது சீசன் பாத்து முடிச்சிட்டன். மூணாவதும் பாதி போயிட்டு. அந்த கேட்லின் எங்க? நான் எதாவது எபிசோட விட்டுட்டனா?"

விடவில்லை மகன். எல்லா எபிசோடும் பார்த்துவிட்டீர்கள். கேட்லின் திரும்பி வரவே இல்லை. மூன்றாவது சீசனிலும் இல்லை, நான்காவதிலும் இல்லை. பீட்டர் அவளை எதிர்காலத்தில் விட்டுவிட்டு வந்தான், கதையும் அவளை அங்கேயே விட்டுவிட்டது. இரண்டு வரியில் இப்படிப் பதில் போட்டிருக்கலாம். ஆனால் இந்த மாதிரிக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. "அந்த சீசன் ஏன் பொசுக்கென்று முடிந்தது?", "அந்தப் பாத்திரம் எங்கே போனது?" என்று ஆசிரியர் ஓய்வறையிலும் கேட்கிறார்கள், வீட்டில் மருமக்களும் கேட்கிறார்கள். "எழுதினவனுக்கு மறந்துபோச்சு" என்று நாங்களே ஒரு பதிலும் சொல்லிக்கொள்கிறோம். பல இடங்களில் உண்மை அதுவல்ல. அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில், ஒரு சீசன் எப்படித் தயாராகிறது என்பதைப் பார்ப்போம். அமெரிக்காவின் பெரிய தொலைக்காட்சி அலைவரிசைகளில் ஒரு நாடகத் தொடரின் வழமையான சீசன் 22 முதல் 24 எபிசோட் வரை. செப்டம்பரில் தொடங்கி மே மாதம் முடியும். 22 கதைகளையும் எழுதி முடித்துவிட்டுத்தான் கமெராவைத் தூக்குகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கோடையில் எழுத்தாளர்கள் ஒரு அறையில் கூடி சீசனின் போக்கைப் பேசி வைத்துக்கொண்டு முதல் சில எபிசோடுகளை எழுதுவார்கள். ஜூலை, ஓகஸ்ட் அளவில் படப்பிடிப்பு தொடங்கிவிடும். ஒரு மணிநேர எபிசோட் ஒன்றைப் படம்பிடிக்க ஏறத்தாழ எட்டு வேலைநாள் போகும். அதன் பிறகு வெட்டி ஒட்டி, இசை சேர்த்து, ஒலியைச் சரிசெய்ய இன்னும் சில கிழமைகள் வேண்டும். ஏழாவது எபிசோட் ஒளிபரப்பாகும் நேரத்தில் பத்தாவது படப்பிடிப்பில் இருக்கும், பன்னிரண்டாவது இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்.

நாளைய பாடக்குறிப்பை இன்று இரவு எழுதும் ஆசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள். தவணை முழுவதற்குமான திட்டம் அவருடைய தலையில் இருக்கிறது. ஆனால் வகுப்பில் நடத்தக்கூடிய அளவுக்கு எழுதித் தயாராக இருப்பது இரண்டு மூன்று பாடங்கள் மட்டும்தான். அவர் பேனாவை வைத்தால் வகுப்பு அடுத்த நாளே நிற்காது. கையில் இருக்கும் குறிப்பு தீர்ந்ததும் நிற்கும். தொலைக்காட்சியிலும் அப்படித்தான். எழுத்து நின்ற நாளுக்கும் திரை வெறுமையாகும் நாளுக்கும் இடையில் சில கிழமைகள் இருக்கும். அதனால்தான் பார்க்கிற எங்களுக்குக் காரணம் பிடிபடுவதில்லை.

இனி 2007க்கு வருவோம். அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் ஒப்பந்தம் அந்த ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி முடிந்தது. நவம்பர் 5ஆம் திகதி வேலைநிறுத்தம் தொடங்கியது. பிரச்சினை, எழுதிய ஒன்று திரும்பத் திரும்ப விற்கப்படும்போது எழுதினவருக்கு என்ன பங்கு என்பதுதான். ஒரு டீவீடி விற்றால் எழுத்தாளருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 4 சதம், அமெரிக்கச் சதம். அதை இரட்டிப்பாக்கும்படி கேட்டார்கள். அதைவிடப் பெரிய கவலை இணையம். தொடர்கள் இணையத்தில் ஓடத் தொடங்கிய காலம் அது. அதில் எழுத்தாளருக்கு ஒழுங்கான பங்கு எதுவும் தீர்மானிக்கப்பட்டிருக்கவில்லை. டீவீடி கோரிக்கையை இடையில் கைவிட்டுவிட்டார்கள். இணையத்தை விடவில்லை. 100 நாட்கள் போராடி, 2008 பெப்ரவரி 12ஆம் திகதி வேலைக்குத் திரும்ப வாக்களித்தார்கள். இன்று நாங்கள் போனில் பார்க்கும் தொடர்களுக்கு எழுதுகிறவர்களின் வருமானத்துக்கு அடித்தளம் போட்டதில் அந்த 100 நாட்களுக்கும் பங்கு உண்டு.

அந்த நவம்பரில் ஹீரோஸின் இரண்டாவது சீசன் நடுவழியில் நின்றது. முதல் சீசன் 23 எபிசோட், நல்ல வெற்றி. இரண்டாவதுக்கு 24 எபிசோட் திட்டம். தொடரை உருவாக்கிய டிம் கிரிங் அந்த 24ஐயும் மூன்று பாகங்களாகப் பிரித்திருந்தார். முதற்பாகம் தலைமுறைகளின் கதை, இரண்டாம் பாகம் ஒரு கொள்ளைநோய், மூன்றாம் பாகம் வில்லன்களின் கதை.

அந்த நோய்க்கிருமிக்குக் கதையில் வைத்த பெயர் எங்கள் காதுக்குப் பழக்கமானது: சாந்தி. சென்னையிலிருந்து வரும் பேராசிரியர் மொஹிந்தர் சுரேஷின் அக்கா சிறுவயதில் அந்த நோயால்தான் இறந்தாள். அவளுடைய பெயரையே கிருமிக்கும் வைத்தார்கள்.

முதற்பாகத்தில் பீட்டர் ஞாபகம் இழந்து அயர்லாந்தில் ஒரு கொள்கலனுக்குள் கண்டெடுக்கப்படுகிறான். அங்கே கேட்லினைச் சந்திக்கிறான். அவளுடைய அண்ணன் கொல்லப்படுகிறான். இருவரும் தடயம் தேடிக் கனடாவின் மொன்றியலுக்குப் போகிறார்கள். அங்கிருந்து, தன் சக்தியைக் கட்டுப்படுத்தத் தெரியாத பீட்டர் இருவரையும் 2008 ஜூன் மாத நியூயோர்க்குக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறான். நகரம் வெறுமையாகக் கிடக்கிறது. உலக மக்களில் 93 சதவீதம் பேர் கிருமியால் இறந்துவிட்டார்கள். படையினர் இருவரையும் பிடித்துத் தனிமைப்படுத்தல் நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். கேட்லின் அவன் கண்முன்னே இழுத்துச் செல்லப்படுகிறாள். பீட்டர் மட்டும் தனியாக நிகழ்காலத்துக்குத் திரும்புகிறான்.

இதை எழுதியவர்களின் கணக்கை யோசித்துப் பாருங்கள். கேட்லினை மறந்துபோய் விடவில்லை, வேண்டுமென்றே அங்கே வைத்தார்கள். இரண்டாம் பாகத்தில் கிருமி வெளியே வரப்போகிறது. அந்த எதிர்காலம் நெருங்கி வரப்போகிறது. அவளை மீட்பதா, அந்த எதிர்காலத்தையே நடக்காமல் தடுப்பதா என்ற கேள்வி பீட்டரின் தலையில் தொங்கிக்கொண்டே இருக்க வேண்டும். கதையின் முன்பாதியில் கொடுத்த கடன் அது, பின்பாதியில் அடைபட வேண்டியது.

வேலைநிறுத்தம் வருமென்று சில கிழமைகளுக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. 11ஆவது எபிசோடோடு முதற்பாகம் முடிகிறது. அதன் முதல் முடிவில் கிருமிக் குப்பி பீட்டரின் கைக்குத் தப்பி விழுந்து உடைகிறது, கொள்ளைநோய்ப் பாகம் அங்கிருந்து தொடங்குகிறது. அந்த முடிவைப் படம்பிடித்தும் விட்டார்கள். பின்னாளில் டீவீடியில் அதைப் போட்டார்கள், தேடினால் இன்றும் பார்க்கலாம். ஆனால் 12ஆவது எபிசோட் எப்போது வரும், வருமா என்றே தெரியாத நிலையில், உலகம் அழியப்போகிறது என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்த முடியாது. முடிவை மாற்றித் திரும்பப் படம்பிடித்தார்கள். புதிய முடிவில் பீட்டர் குப்பியைப் பிடித்து அழித்துவிடுகிறான். நோய் வெளியே வரவில்லை. ஆபத்து தீர்ந்தது. டிசம்பர் 3ஆம் திகதி அது ஒளிபரப்பானது.

பீட்டர் குப்பியைப் பிடித்த அந்தக் கணத்தில் 93 சதவீதம் பேர் இறந்த எதிர்காலமே இல்லாமல் போய்விட்டது. அப்படியென்றால் அந்த எதிர்காலத்தில் அடைபட்டிருந்த கேட்லின்? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய பாகம்தான் வெட்டுப்பட்ட பாகம். ஒரு சில நிமிடக் காட்சியை மாற்றியதில் சீசனின் நடுப்பகுதி முழுவதும் காணாமல் போய்விட்டது. அதே சீசனில் புதிதாக வந்த நியூ ஓர்லியன்ஸ் பிள்ளை மொனிக்காவும் மூன்றாவது சீசனில் இல்லை.

"சரி சேர், பெப்ரவரியில் வேலைக்குத் திரும்பினார்கள்தானே, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கலாமே?" இது நியாயமான கேள்வி. நாட்களை எண்ணிப் பாருங்கள். பெப்ரவரி நடுப்பகுதியில் எழுத உட்கார்ந்தால், படம்பிடித்து ஒட்டி முடித்து முதல் எபிசோட் திரைக்கு வர ஏப்ரல் ஆகிவிடும். சீசன் மே கடைசியில் மூடுகிறது. நாலைந்து எபிசோடுக்கு மேல் இடமில்லை. சிறப்புக் காட்சிகள் அதிகம் இல்லாத தொடர்கள் அந்த நாலைந்தையும் செய்தன. ஹீரோஸ் போன்ற பெரிய செலவுத் தொடருக்கு அது கட்டாது என்று அலைவரிசை தீர்மானித்தது. 2008 செப்டம்பர் வரை ஒத்திவைத்தார்கள்.

செப்டம்பரில் திரும்பியபோது ஒன்பது மாதத்துக்கு மேல் போயிருந்தது. கொள்ளைநோய்ப் பாகத்தைத் தாண்டி நேரே வில்லன்களின் பாகத்திலிருந்து தொடங்கினார்கள். இரண்டாவது சீசனின் வேகம் போதாது என்று பார்வையாளர்கள் ஏற்கனவே குறைசொல்லியிருந்தார்கள். வேலைநிறுத்தம் தொடங்கிய அதே மாதத்தில் கிரிங்கும் ஒரு பேட்டியில் அதை ஒத்துக்கொண்டிருந்தார். அதனால் பழைய இழைகளைப் பொறுக்கி எடுப்பதைவிடப் புதிதாகத் தொடங்குவது அவர்களுக்கு இலகு. இங்கேதான் எனக்குத் தெளிவான ஒரு விசயம் இருக்கிறது. வேலைநிறுத்தம் எல்லாக் கதைகளையும் ஒரேயடியாக நிறுத்துகிறது. ஆனால் எந்தக் கதை திரும்பி வரும், எது வராது என்பதைத் தீர்மானிப்பது வேலைநிறுத்தம் அல்ல. நாட்காட்டியும், செலவுக் கணக்கும், ஏற்கனவே பலவீனமாக இருந்த இடங்களும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

இதே காலத்தில் லொஸ்ட் தொடருக்கு நடந்ததைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். அதன் நான்காவது சீசனுக்கு 16 எபிசோட் திட்டம், வந்தது 14. ஆனால் லொஸ்ட் எந்த ஆண்டில், எத்தனை எபிசோடோடு முடியும் என்று வேலைநிறுத்தத்துக்கு முன்பே, 2007 மே மாதத்தில், அலைவரிசையும் எழுத்தாளர்களும் பேசி முடித்திருந்தார்கள். மூன்று சீசனுக்கு 48 எபிசோட். அதனால் வெட்டுப்பட்ட மணிநேரங்களை அடுத்த சீசன்களில் சேர்த்துக்கொள்ள முடிந்தது. அந்தக் கதையின் முடிவு எங்களில் பலருக்குப் பிடிக்காமல் போனது வேறு விசயம். வேலைநிறுத்தம் அதன் நடுவை விழுங்கவில்லை. முடிவுத் திகதி எழுதிவைக்கப்பட்ட கதைக்கு இடைவெளியைத் தாங்கும் பலம் உண்டு. ஹீரோஸுக்கு அப்படி ஒரு திகதி இருக்கவில்லை.

இன்னொரு பக்கம் புஷிங் டெய்சிஸ். தொட்டால் இறந்தவரை எழுப்பும் சக்தியுள்ள, பேஸ்ட்ரி சுடும் ஒருவனின் கதை. 2007 ஒக்டோபரில் தொடங்கி, விமர்சகர்கள் பாராட்டி, 22 எபிசோடுக்கு அனுமதியும் கிடைத்தது. 9 எபிசோட் வந்ததும் வேலைநிறுத்தம். அடுத்த எபிசோட் வந்தது 2008 ஒக்டோபரில். புதிய தொடர் ஒன்றைப் பார்க்கும் பழக்கம் ஒரு வீட்டில் ஊன்றுவதற்கு முன்பே பத்து மாத இடைவெளி. பார்வையாளர்கள் திரும்பவில்லை. இரண்டாவது சீசனை 13 எபிசோடோடு நிறுத்திவிட்டார்கள். கடைசி எபிசோடில் அவசரமாக ஒரு சிறு முடிவை ஒட்டி, அந்த மக்களுக்கு என்ன ஆனது என்று சில நிமிடத்தில் சொல்லி முடித்தார்கள். அந்த ஒட்டு தெளிவாகவே தெரியும். ஆனால் எனக்கு அதில் குறை இல்லை. கதையை நம்பி வந்தவர்களை நடுத்தெருவில் விடாமல், கிடைத்த சில நிமிடத்தில் வீடுவரை கொண்டுபோய் விட்டார்கள்.

இங்கே ஒரு வாட்ஸ்அப் கதையையும் தீர்த்துவிடுவோம். "பிரேக்கிங் பேட் முதல் சீசனில் ஜெஸியைக் கொல்ல இருந்தார்கள், வேலைநிறுத்தம் வந்து காப்பாற்றிவிட்டது" என்று நிறையப் பேர் பகிர்கிறார்கள். பாதி உண்மை. 9 எபிசோட் திட்டமிட்டு 7 மட்டும் வந்தது உண்மை. ஜெஸியை அந்த சீசன் கடைசியில் கொல்லும் எண்ணம் தொடக்கத்தில் இருந்ததும் உண்மை. ஆனால் ஆரொன் போலின் நடிப்பைப் பார்த்து, தொடக்க எபிசோடுகளிலேயே மனம் மாறிவிட்டதாக அதை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனே சொல்லியிருக்கிறார். ஜெஸியைக் காப்பாற்றியது நடிகரின் திறமை. வேலைநிறுத்தம் கொடுத்தது யோசிக்கும் நேரம்.

2023இல் திரும்பவும் நடந்தது. இந்தமுறை எழுத்தாளர்கள் 148 நாட்கள், இடையில் நடிகர்களும் சேர்ந்து 118 நாட்கள். அதில் என் மனதுக்கு நெருக்கமான உதாரணம் அபொட் எலிமெண்டரி. பிலடெல்பியாவில் வசதி குறைந்த ஒரு ஆரம்பப் பாடசாலையின் கதை. ஆசிரியர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது, போட்டோகொப்பி தாளுக்கு அலைவது முதல் எல்லாம் எங்கள் கதைதான். இரண்டாவது சீசன் 22 எபிசோட். மூன்றாவது 14 மட்டும், அதுவும் 2024 பெப்ரவரியில்தான் தொடங்கியது. கதையில் ஒரு படக்குழு அந்தப் பாடசாலையை ஆவணப்படமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. செப்டம்பரிலிருந்து ஐந்து மாதம் ஏன் எதுவும் காட்டவில்லை என்பதற்கு எழுத்தாளர்கள் கதைக்குள்ளேயே காரணம் வைத்தார்கள்: படக்குழுவின் கருவிகள் களவுபோய்விட்டன! இடையில் நடந்ததைப் பின்னோக்கிச் சொல்லிக் கதையை எடுத்துச் சென்றார்கள். துளையை மறைக்கவில்லை, துளைக்கு ஒரு பெயர் வைத்தார்கள். பார்க்கிறவர் குழம்பவும் இல்லை.

ஆனால் இப்போது நாங்கள் அதிகம் பார்க்கும் நெட்பிளிக்ஸ் போன்றவற்றில் பாதிப்பின் வடிவம் வேறு. அங்கே சீசன் எட்டு, பத்து எபிசோட்தான். எழுதிப் படம்பிடித்து எல்லாவற்றையும் முடித்த பிறகுதான் வெளியிடுகிறார்கள். அதனால் சீசன் நடுவில் அறுவது குறைவு. அதற்குப் பதிலாக அடுத்த சீசன் வராமலே போய்விடும். க்ளோ என்ற தொடருக்கு நான்காவது சீசன்தான் கடைசி என்று 2019இல் அறிவித்தார்கள். 2020 தொடக்கத்தில் படப்பிடிப்பும் ஆரம்பமானது. கொரோனா வந்து நின்றது. அதே ஆண்டு ஒக்டோபரில், முடிவைச் சொல்ல அனுமதி கிடைத்திருந்த அந்தக் கதையையே நெட்பிளிக்ஸ் கைவிட்டது. அங்கே யாரும் வேலைநிறுத்தம் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். படப்பிடிப்பு நின்ற காரணம் வேறு. நின்ற பிறகு கணக்குப் பார்த்து எடுத்த முடிவு ஒரே மாதிரியானது.

இதை நான் விரித்து எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. "இவனுகள் சம்பளத்துக்குச் சண்டை பிடிச்சு கதையக் கெடுத்துட்டானுகள்" என்று சொல்வது இலகு. 2021இல் சம்பள முரண்பாட்டுக்காக நாங்கள் ஜூலை முதல் ஒக்டோபர் வரை ஒன்லைன் கற்பித்தலிலிருந்து விலகி நின்றபோது எங்களைப் பற்றியும் அப்படித்தான் பேசினார்கள். பிள்ளைகள் இழந்தது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. திரும்பி வந்தபோது விட்ட பாடம் அத்தனையையும் நடத்த நாட்கள் இருக்கவில்லை. எதை எடுப்பது, எதைத் தாண்டுவது என்று பார்க்க வேண்டியிருந்தது. தாண்டிய பாடம் அடுத்த வகுப்பில் கேள்வியாக எழும்பி நிற்கும். கேட்லினும் அப்படித் தாண்டப்பட்ட ஒரு பாடம்தான். பேனாவை வைத்தவரைக் கேட்பதோடு நிறுத்தாமல், இணையத்தில் கேட்ட பங்கை நூறு நாள் இழுத்தடித்தவர் யார், திரும்பியபோது விட்டதை முடிக்க நேரம் கொடுக்காதவர் யார் என்பதையும் கேட்க வேண்டும்.

கடைசியாக, பார்க்கிறவர்களுக்கு ஒரு சின்ன வழி. ஒரு தொடரின் ஒரு சீசன் மட்டும் மற்றவற்றைவிடக் கட்டையாக இருந்தால், அது ஒளிபரப்பான மாதங்களைப் பாருங்கள். 2007 கடைசி, 2020 மார்ச்சுக்குப் பின், 2023 மே முதல் 2024 தொடக்கம் வரை. இதற்குள் விழுந்தால், கடைசி எபிசோடில் ஒரு பெரிய ஆபத்து சட்டென்று தீர்கிறதா, அடுத்த சீசன் பல மாதம் தாண்டித் தொடங்குகிறதா, இடையில் வந்த புதுப் பாத்திரம் ஒரு பேச்சும் இல்லாமல் காணாமல் போகிறதா என்று கவனியுங்கள். மூன்றும் இருந்தால் நீங்கள் எதையும் தவறவிடவில்லை. அந்த எபிசோடுகள் எழுதப்படவே இல்லை.

உங்களுக்கும் இப்படிப் பாதியில் நின்ற ஒரு கதை இருந்தால் கீழே எழுதுங்கள். எந்த ஆண்டு என்பதையும் சேர்த்துப் போடுங்கள், காரணம் என்னவென்று தேடிப் பார்ப்போம்.